சாம்பாரில் கோதுமை: எங்கள் விடுதி மெஸ் பலகையை மூன்று தடவை எழுதிய கதை

வேலூரில் எங்கள் விடுதி மெஸ்ஸில் வாரச் சாப்பாட்டையும் அதில் சேர்ந்திருப்பதையும் எழுதும் பலகை வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் ஹரியானாவிலிருந்து வந்த ஒரு முதலாண்டுப் பையன். அவனுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். ஒவ்வாமை போல உடனே தடிப்போ மூச்சுத்திணறலோ வராது. நாள் கணக்கில் வயிறு உப்பி, பேதியாகி, ஆள் மெலிந்துகொண்டே போவான். வேலூர் என்றதும் அவன் அம்மா நிம்மதியாக அனுப்பி வைத்தாராம். அரிசி சாப்பிடும் ஊர், இட்லியும் சோறும் இருக்கும்போது பிள்ளைக்கு என்ன கவலை என்று.

சப்பாத்தி, பூரி, உப்புமா எதையும் அவன் தொடவில்லை. இட்லி, சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர் மட்டும்தான். அப்படியிருந்தும் மூன்றே வாரத்தில் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டான். ஒரு சனி, ஞாயிறு சென்னையில் மாமா வீட்டுக்குப் போனான், வயிறு அடங்கியது. திங்கட்கிழமை திரும்பி வந்தான், மறுநாளே மறுபடி ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் மெஸ் கமிட்டி செயலாளர் என்ற முறையில் என்னிடம் வந்தான். "அண்ணா, உங்கள் சாம்பாரில் என்ன போடுகிறார்கள்?" என்று கேட்டான். பருப்பு, புளி, காய் என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்டோர் ரூம் சாவியை வாங்கி, அங்கிருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தோம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சாம்பார் பொடி எல்லாம் சரி. பெருங்காய டப்பாவுக்கு வந்ததும் பையன் விரலை வைத்து நிறுத்தினான். மைதா, உண்ணத்தக்க கோந்து, பெருங்காயம் என்று அந்த வரிசையில் இருந்தது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை எழுதவேண்டும் என்பது லேபிள் விதி. அப்படியானால் அந்த டப்பாவில் பெருங்காயத்தைவிட மைதாதான் அதிகம். அசல் பெருங்காயப் பால் காரமும் நெடியும் தாங்காது என்பதால் மாவும் கோந்தும் கலந்து கூட்டுப் பெருங்காயமாகத்தான் கடைக்கு வருகிறது. சில கம்பெனிகள் மைதா போடுகின்றன, சில அரிசி மாவு போடுகின்றன. இத்தனை வருடம் அதைத் தாளித்துச் சாப்பிட்ட எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தோம். ஆனால் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது ஒட்டவில்லை. ஒரு வேளைக்கு 300 பேர், தலைக்கு 200 மில்லி என்றால் சுமார் 60 லிட்டர் சாம்பார். அதற்கு மாஸ்டர் போடும் பெருங்காயத்தூள் 40 கிராம். அதில் பாதி மைதா என்று வைத்தால் 20 கிராம். மைதாவில் குளூட்டன் ஏறத்தாழ 8 சதவீதம் என்று கொண்டால் 1.6 கிராம். 60 கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் கிலோவுக்கு 27 மில்லிகிராம் வருகிறது. குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல இங்கே அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதாவது வரம்பைத் தாண்டுகிறது, ஆனால் கொஞ்சம்தான். ஒரு கரண்டி சாம்பாரில் அவனுக்குப் போவது 5 மில்லிகிராமை ஒட்டித்தான். இரண்டு வேளை சாம்பார், ஒரு வேளை ரசம் என்று கூட்டினாலும் 15 மில்லிகிராம். நல்லதில்லை. ஆனாலும் மூன்று வாரத்தில் பெல்ட்டை இறுக்கவைக்கும் அளவு இது இல்லை என்று எனக்குப் பட்டது. வேறு எங்கோ பெரிதாக ஒன்று ஒளிந்திருக்க வேண்டும்.

எந்த லேபிளிலும் இல்லாததைக் கண்டுபிடிக்க அடுப்படியில் போய் நிற்பதைத் தவிர வழியில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கே போய் நின்றேன். மாஸ்டருக்குக் குடியாத்தம் பக்கம், இருபது வருடக் கை. "இன்னா தம்பி, தூக்கம் வரலையா?" என்றபடி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பு, காய், புளி, பொடி, தாளிப்பு எல்லாம் ஆனது. ஏழரை மணிக்குக் கூட்டம் ஏறியது, அண்டா பாதியானது. மாஸ்டர் ஒரு குடம் வெந்நீரை ஊற்றினார். சாம்பார் நீர்த்துப்போனது. அப்புறம் ஒரு சொம்பில் வெள்ளையாக எதையோ கரைத்து, சுற்றிலும் ஊற்றிக் கிளறினார்.

"அது இன்னா மாஸ்டர்?"

"மைதாதான் தம்பி. கொஞ்சம் கெட்டியா நிக்கும்ல."

எவ்வளவு என்று கேட்டேன். கையால் அள்ளிக் காட்டினார், தராசில் போட்டுப் பார்த்தால் 250 கிராம். அதே கணக்கை இதற்குப் போட்டால் 20 கிராம் குளூட்டன். முழு 60 கிலோ சாம்பாருக்கும் பரவியதாகவே வைத்தாலும் கிலோவுக்கு 330 மில்லிகிராமுக்கு மேல். ஒரு கரண்டிக்கு 65 மில்லிகிராமைத் தாண்டுகிறது, பெருங்காயத்தால் வருவதைப்போல் பன்னிரண்டு மடங்கு. பையன் வகுப்பு முடித்துக் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வருவான். தண்ணீரும் மைதாவும் ஊற்றிய பிறகு மிஞ்சும் சாம்பார்தான் அவனுக்கு எப்போதும் கிடைத்திருக்கிறது.

மாஸ்டரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 300 பேருக்குச் சமைக்கச் சொல்லிவிட்டு 340 பேர் வந்தால் அவர் வேறென்ன செய்வார்? மைதாவுக்குப் பதில் அரிசி மாவு போடலாமா என்று கேட்டோம். முதல் நாள் நேராகக் கொதிக்கும் சாம்பாரில் தூவி, கட்டி கட்டியாகப் போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கெட்டியும் ஆகிறது, பச்சை மாவு வாசமும் போகிறது. ஆறினால் கொஞ்சம் கொழகொழப்பு வரும், பெரிதாக யாரும் குறை சொல்லவில்லை. பெருங்காயத்தையும் அரிசி மாவு கலந்த டப்பாவாக மாற்றினோம். இரண்டு வாரத்தில் பையனின் வயிறு அடங்கியது. ஆனாலும் பலகையில் "குளூட்டன் இல்லை" என்று எழுத நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே மேடையில் சப்பாத்தி மாவு பிசைகிறார்கள், மாவு பறக்கிறது, பரிசோதித்துப் பார்க்க எங்களிடம் வசதி கிடையாது. "கோதுமை சேர்க்கவில்லை" என்று மட்டும் எழுதினோம். நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் வாரப் பலகை முழுவதையும் எழுதவேண்டும் என்று வார்டன் சொன்னார்.

முதல் பலகை ஃபிளெக்ஸ். பலகாரங்களைக் கட்டம் கட்டமாக அச்சடித்து, பக்கத்தில் ஒவ்வாமைப் பொருளின் முதல் எழுத்தைப் போட்டோம். கோ என்றால் கோதுமை, பா என்றால் பால், மு என்றால் முட்டை. அச்சாகி வந்து மாட்டிய பிறகுதான் முந்திரிக்கும் மு என்பது கண்ணில் பட்டது. பாயசத்துக்குப் பக்கத்தில் மு இருப்பதைப் பார்த்த ஒரு சைவ மாணவி பாயசத்தில் முட்டையா என்று அதிர்ந்துபோனாள்.

அதைவிட மோசம் கடலை. நாங்கள் "கடலை" என்றுதான் எழுதியிருந்தோம். தமிழில் கடலை என்றால் எது? கடலை மாவு என்றால் கடலைப்பருப்பு. கடலை எண்ணெய் என்றால் வேர்க்கடலை. சட்னிக்குக் கடலை என்றால் பொட்டுக்கடலை. சுண்டலுக்கு என்றால் கொண்டைக்கடலை. எங்கள் சமையல்கட்டில் வேர்க்கடலையைக் கடலை என்று யாரும் சொல்வதே இல்லை, வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது மல்லாட்டை. ஒவ்வாமை விதியில் பெயர் சொல்லப்படுவது வேர்க்கடலைதான். கடலைப்பருப்பும் பொட்டுக்கடலையும் அந்தப் பட்டியலில் இல்லை. வேர்க்கடலை ஆகாத ஒரு மாணவன் எங்கள் பலகையை நம்பி பஜ்ஜி, போண்டா, சுண்டல் என எதையும் தொடாமல் இருந்தான். அதே வாரம் தேங்காய்ச் சட்னியைச் சாப்பிட்டு உதடு தடித்துப்போனது. தேங்காய் விலை ஏறியதால் மாஸ்டர் அன்று பாதித் தேங்காய்க்குப் பதில் மல்லாட்டை போட்டு அரைத்திருந்தார். பலகையில் "தேங்காய்ச் சட்னி" என்று பளிச்சென்று அச்சாகியிருந்தது. நல்லவேளை, தடிப்போடு நின்றது.

அதற்கப்புறம் சட்னியைக் கண்ணால் பார்த்தே அடையாளம் சொல்லப் பழகினோம். வெறும் தேங்காய் வெள்ளையாக, நீர் பிரிந்து நிற்கும். பொட்டுக்கடலை சேர்த்தால் இளமஞ்சளாக, கூழ்போல ஒட்டும். மல்லாட்டை சேர்த்தால் லேசான பழுப்பு, கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் எண்ணெய் கசியும். ஆனால் இதை நம்பி ஒரு ஒவ்வாமைக்காரர் சாப்பிடக் கூடாது. ஒரு கைப்பிடி போட்டிருந்தால் நிறம் காட்டிக் கொடுக்காது. கமிட்டி ஆள் போய் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டிய சமயம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இது உதவும்.

ஃபிளெக்ஸைக் கழற்றினோம். அச்சடித்த பலகையால் மாஸ்டர் காலையில் மாற்றுவதைச் சொல்ல முடியாது. இரண்டாவது பலகை சாக்பீஸ் கரும்பலகை. இரண்டு நாளில் கைகழுவும் இடத்துத் தண்ணீர் தெறித்து அழிந்தது. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

மூன்றாவதுதான் இப்போது இருப்பது. 4 அடிக்கு 3 அடி, தகரம் பதித்த வெள்ளைப் பலகை. பலகாரப் பெயர்களையும் குறிகளையும் காந்தத் தகட்டில் ஒட்டி வில்லை வில்லையாக வெட்டிக்கொண்டோம். ஒவ்வாமைக் குறிகளில் முதலெழுத்து வேண்டாம், முழுப்பெயரும் சின்னப் படமும். வேர்க்கடலை வில்லையில் கீழே "மல்லாட்டை" என்றும், ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர் உண்டு. பரிமாறுகிறவர்களுக்கும் புரியவேண்டுமே.

சைவ, அசைவக் குறிக்கு நாங்களாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பாக்கெட்டில் இருப்பதையே எடுத்துக்கொண்டோம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு வட்டம் இருந்தது. 2020 லேபிள் விதிகளில் அது பழுப்பு முக்கோணமாக மாறியது. பச்சையும் பழுப்பும் ஒரே மாதிரி தெரியும் கண்கள் உண்டு, அவர்களுக்கு வடிவம்தான் துணை. எங்கள் முதல் ஃபிளெக்ஸில் இரண்டுமே வட்டம். எங்கள் கமிட்டியிலேயே ஒருவன் அப்போதுதான் தயங்கித் தயங்கி, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றான். இரண்டு வருடமாகப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறான், சொன்னதே இல்லை.

முட்டை விஷயத்தில் விதி தெளிவு: அது அசைவக் கணக்கு. பால், தயிர், நெய், தேன் சைவக் கணக்கு. ஆனால் முட்டை மட்டும் சாப்பிடும் ஆட்கள் எங்கள் விடுதியில் நிறைய. அதனால் முக்கோணத்துக்குப் பக்கத்தில் "முட்டை மட்டும்" என்று ஒரு வில்லை வைத்தோம்.

குறி வைப்பதில் தகராறு வந்தது ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில். கோழி பிரியாணி, சைவர்களுக்கு வெஜ் பிரியாணி, இரண்டுக்கும் பொதுவாக எண்ணெய்க் கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி. வெஜ் பிரியாணி தீர்ந்துபோனால் பரிமாறுகிறவர் "குஸ்கா இருக்கு, பீஸ் இல்லாம தரேன்" என்பார். வெளியூரிலிருந்து வந்த சைவப் பிள்ளைகள் பீஸ் இல்லை என்றதும் தட்டை நீட்டிவிடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிறந்தவனுக்குக் குஸ்கா என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கறி வெந்த அதே தம் பாத்திரத்துச் சோறு, துண்டு மட்டும் இருக்காது. கொழுப்பும் சாறும் அந்தச் சோற்றில்தான் இருக்கிறது. குஸ்காவுக்கு முக்கோணம் போட்டதும், "கறியே இல்லாததுக்கு எதுக்குப்பா அசைவக் குறி?" என்று ஒரு உதவியாளர் உண்மையாகவே கேட்டார்.

கத்தரிக்காய்க்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பச்சை வட்டம் வைத்தேன். அதுவும் தப்பு. குழம்பு பளபளப்பாக நிற்கவேண்டும் என்று, கோழி பிரியாணிப் பாத்திரத்தில் மேலே மிதந்த எண்ணெயில் இரண்டு கரண்டி எடுத்துக் கடைசியில் அதில் ஊற்றுவது மாஸ்டரின் வழக்கமாம். நான் குறி வைத்த பிறகுதான் அவரே, "அதுல மேலெண்ணெய் ஊத்துவேனே தம்பி" என்றார். மறைக்கவேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை, யாரும் கேட்டதில்லை. இப்போது மேலெண்ணெய் ஊற்றுவதில்லை, பதிலுக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய். வட்டம் வட்டமாகவே இருக்கிறது. மாஸ்டரின் கருத்துப்படி ருசி போச்சு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அந்தக் கத்தரிக்காயில் மல்லாட்டையும் எள்ளும் வறுத்து அரைத்துச் சேர்கின்றன. வேர்க்கடலை வில்லை தானாக வந்தது. எள் நம் நாட்டுப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, அப்புறம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எள் உண்டு. இட்லிப் பொடி, நல்லெண்ணெய், எள்ளுருண்டை என்று நாம் சாப்பிடும் அளவுக்கு எள்ளைச் சேர்ப்பதுதான் நியாயம் என்று சேர்த்தோம்.

கடுகையும் சேர்க்கச் சொன்னார்கள். அதை மறுத்தேன். பாயசமும் மோரும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடுகு வில்லை தொங்கும், ஒரு வாரத்தில் யாரும் எந்த வில்லையையும் பார்க்கமாட்டார்கள். பலகையின் அடியில் ஒரே வரியாக எழுதிவிட்டோம்.

இந்த வாரப் பலகையில் இருந்து கொஞ்சம்:

திங்கள் காலை. இட்லி: சைவம். சாம்பார்: சைவம், கோதுமை சேர்க்கவில்லை. சட்னி: சைவம், வேர்க்கடலை (மல்லாட்டை) உண்டு.

புதன் இரவு. பரோட்டா: முக்கோணம், முட்டை மட்டும், கோதுமை, பால், முட்டை. சைவக் குருமா: சைவம், முந்திரி. மீல்மேக்கர் வறுவல்: சைவம், சோயா.

ஞாயிறு மதியம். கோழி பிரியாணி, குஸ்கா: அசைவம், பால். வெஜ் பிரியாணி: சைவம், பால், முந்திரி. எண்ணெய்க் கத்தரிக்காய்: சைவம், வேர்க்கடலை (மல்லாட்டை), எள். பச்சடி: சைவம், பால்.

எல்லாத் தாளிப்பிலும் கடுகு உண்டு. ஒரே சமையல்கட்டு, வில்லை இல்லாத பலகாரத்திலும் துளி கலந்திருக்கலாம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் சாப்பிடுமுன் கமிட்டி ஆளைக் கேட்கவும். சாப்பிட்டபின் உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108, அப்புறம் வார்டன்.

பலகையின் வலது ஓரத்தில் "இன்று மாற்றம்" என்று ஒரு பத்தி விட்டிருக்கிறோம். அதுதான் உண்மையில் வேலை செய்கிற இடம். காலை ஆறரைக்கும் மாலை ஆறுக்கும் கமிட்டி ஆள் ஒருவர் அடுப்படிக்குப் போய் மாஸ்டரிடம் மூன்று கேள்வி கேட்பார்: இன்றைக்கு எதற்குப் பதில் எது போட்டீர்கள், எதை ஊற்றிக் கெட்டியாக்கினீர்கள், பொரித்த எண்ணெயில் முன்பு எது பொரிந்தது. மூன்றாவது கேள்வி புதிது. வெள்ளிக்கிழமை மீன் பொரித்த எண்ணெயில் சனிக்கிழமை அப்பளம் பொரித்ததைக் கண்டபின் சேர்த்தது. அப்பளத்துக்கு அன்று முக்கோணமும் மீன் வில்லையும் வைத்தோம். வைத்ததைப் பார்த்துவிட்டு மாஸ்டர் இப்போது மீனுக்குத் தனி வாணலி வைத்துவிட்டார்.

தீராத இடம் தோசைக்கல். ஒரே கல்லில் ரவா தோசையும் சாதா தோசையும் ஊற்றுகிறார்கள், ரவை என்றால் கோதுமை. ஹரியானாப் பையனுக்காகத் தனிக் கல் வாங்க வார்டன் பணம் தந்துவிட்டார். அடுப்பில்தான் இடமில்லை. தோசை நாளில் அவன் இட்லிதான் சாப்பிடுகிறான். வியாழக்கிழமை இரவு தோசை வில்லைக்குப் பக்கத்தில் கோதுமை வில்லை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.